ஒரு கையால் தொட்டவள்

மூணு மாசத்துக்கு ஒருதரம் டெரன்ஸ் தன் பொண்டாட்டிக்குக் கடிதாசி எழுதுவான். அச்சடிச்ச ஃபாரத்துல எழுதுவான். மேல ‘மதிப்பிற்குரிய பெற்றோருக்கு’ன்னு அச்சாயிருக்கும். கீழ ‘தலைமைப் பயிற்சியாளர்’னு அச்சாயிருக்கும். நடுவுல உள்ளத மட்டும் அவன் எழுதணும். அதையும் டிக் அடிச்சே முடிச்சிருவான்.

சிரிக்காதீங்க. மூணு வருஷமா அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல போய்ட்டு வார ஒரே காயிதம் அதுதான்.

தூத்துக்குடியில துறைமுகத்துக்குப் போற ரோட்டுல ஒரு நீச்சல் மன்றம். அங்கனதான் டெரன்ஸுக்குத் தலைமைக் கோச் வேலை. விடிஞ்சா தண்ணிமேல நிலக்கரித் தூசி மெல்லிசாப் படிஞ்சு கிடக்கும். அதை வலை வச்சு அரிச்சு எடுத்த பொறவுதான் பிள்ளையள் இறங்கும். பயிற்சி மொத்தம் ஆறு லெவல். ஒண்ணாவதுல மூஞ்சியத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சு விடணும், மிதக்கணும். அப்படியே ஏறி ஏறி ஆறாவதுக்கு வந்தா, நானூறு மீட்டர் நிக்காம நீந்தணும், ஆழத்துல நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம் மிதக்கணும், ஒழுங்கா டைவ் அடிக்கணும், கடைசியா இருநூறு மீட்டர் மெட்லி. பட்டர்ஃபிளை, பேக் ஸ்ட்ரோக், பிரெஸ்ட் ஸ்ட்ரோக், ஃப்ரீ ஸ்டைல், நாலும் அந்த வரிசையில, ஒவ்வொண்ணும் போக ஒரு லென்த், வர ஒரு லென்த்.

ஒவ்வொரு வித்தைக்கும் நேரா மூணு கட்டம் இருக்கும். தொடங்கவில்லை, பழகுகிறார், முடித்தார். முடித்தார்னு டிக் போடணும்னா வேற வேற ரெண்டு நாள்ல தப்பில்லாமச் செஞ்சு காட்டணும். ஒரு நாள் செஞ்சா போதாது, முக்காவாசி செஞ்சாலும் போதாது. கோச்சோட சொந்தப் பிள்ளைன்னா இன்னொரு கோச்தான் டெஸ்ட் வைக்கணும். கடிதாசியில கையெழுத்து மட்டும் தலைமைக் கோச் போடணும்.

டெரன்ஸோட மக ஜெர்லின் அங்கனதான் நீந்துதா. பன்னெண்டு வயசு. நாசரேத்துல டீச்சரா இருக்குற அம்மா விஜிலாவோட இருக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை மாமன் ஜெபசீலன் பைக்குல கூட்டிட்டு வந்து ஏழு மணிக்கு விடுவான். துறைமுகத்துல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல அவனுக்கு அன்னைக்கு அரை நாள் வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவான்.

விஜிலா என்னத்துக்குப் பிரிஞ்சு போனான்னு ஊர்ல கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. குடியாம், கூத்தியாளாம், சவம், ஒண்ணுமே கிடையாது. டெரன்ஸ் பேசமாட்டான், அவ்வளவுதான் கதை. சோறு எப்படி இருக்குன்னு கேட்டா பேசமாட்டான். அவ அழுதாலும் பேசமாட்டான். அவ அப்பா செத்துப் போனப்ப பெட்டி தூக்குனான், குழியில மண்ணு போட்டான், அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?”ன்னு பதினோரு வருஷம் கேட்டுப் பாத்தா. பொறவு துணிப்பெட்டிய எடுத்தா. அப்பவும் அந்தக் கல்லுளிமங்கன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தான். பெட்டி கனமா இருக்குன்னு தூக்கி ஆட்டோவுல வேற வச்சான்!

கோர்ட்டு கேஸுன்னு போகல. இவன் கடற்கரைக் கத்தோலிக்கன், அவ நாசரேத்து சபை. அதனால இங்கனயிருந்து ஒரு ஃபாதரும் அங்கனயிருந்து ஒரு பாஸ்டர் ஐயாவும் உக்காந்து, சாமியார் பங்களாவுல வச்சுப் பேசி முடிச்சாங்க. பிள்ளை அம்மாகூட. அப்பா பாக்கணும்னா? பிள்ளை அப்பாகிட்டதான நீச்சல் படிக்கி, அதுக்கு வரட்டும், அப்பப் பாத்துக்கிடட்டும்னு ஃபாதர் சொன்னாரு. ஜெபசீலன் விடல.

“எதுக்கும் ஒரு முடிவு வேணும்லா ஃபாதர்? இன்னைக்கு நீச்சல்னுவாரு, நாளைக்கு வேற ஒண்ணும்பாரு. லெவல் ஆறும் முடியுற வரைக்கும் வரட்டும். முடிஞ்சா முடிஞ்சது.”

ஒரு மாசம், ரெண்டு மாசம்னு சொல்லியிருந்தா யாராவது தர்க்கம் பண்ணியிருப்பாங்க. லெவல்னு சொன்னதும் எல்லாருக்கும் அது நியாயமாப் பட்டுட்டு. எல்லாரும் டெரன்ஸப் பாத்தாங்க. டெரன்ஸ் தலையாட்டுனான். வெளியில வராந்தாவுல, ஒம்பது வயசு ஜெர்லின் பெஞ்சுல உக்காந்து காலாட்டிக்கிட்டு இருந்தா. கதவு தொறந்துதான் கிடந்துது.

அப்ப அவ மூணாவது லெவல். நாலும் அஞ்சும் விறுவிறுன்னு ஏறுனா. ஆறுக்கு வந்தா. மார்ச் மாசத்துக்குள்ள ஆறுலயும் எல்லாம் முடிச்சா, மெட்லியத் தவிர. மார்ச் கடிதாசியில டெரன்ஸ் எழுதுனான்: ‘மெட்லி: பழகுகிறார். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் இரண்டு கையாலும் சுவரைத் தொட வேண்டும். கவனம் தேவை.’ ஜூன்ல அதே வரி. செப்டம்பர்லயும் அதே வரி. மூணு தடவையும், கிழிச்சுத் திருப்பி அனுப்புற அடிச்சீட்டுல ‘பெற்றோர் குறிப்பு’ன்னு இருக்குற இடத்தை வெறுமனே விட்டுட்டு விஜிலா கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புனா. ஜெர்லினுக்குப் பின்னால ஆறாவதுக்கு வந்த ரெண்டு பிள்ளையள் முடிச்சுட்டுப் போட்டிக் குழுவுக்குப் போயாச்சு. ஜெர்லின் இன்னும் அதே லேன்ல.

டெரன்ஸுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. சந்தோஷமும் இல்லன்னு அவன் நெனச்சுக்கிட்டான். மரத்துப் போன கால்ல எறும்பு ஊர்ந்தா தெரியவா போகுது?

டிசம்பர் இருபது, சனிக்கிழமை, கடைசி டெஸ்ட். உமாராணின்னு இன்னொரு கோச், முப்பது வயசுக்காரி, நேருக்கு நேர் பேசுதவ. அவதான் ஜெர்லினுக்கு டெஸ்ட். சுவர் ஓரமா அட்டையும் பேனாவுமா குனிஞ்சு நின்னா. டெரன்ஸ் அந்தப் பக்கம் சின்னப் பிள்ளையளுக்குப் பலகை பிடிச்சுக் கால் அடிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தான்.

ஜெர்லின் குதிச்சா. பட்டர்ஃபிளை ரெண்டு லென்த், ரெண்டு கையும் சேந்து சுவத்துல விழுந்துது. பேக் ஸ்ட்ரோக் ரெண்டு லென்த், மல்லாக்கவே தொட்டா, சுத்தம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குல முதல் லென்த் முடிவுல ரெண்டு கை. திரும்புனா. ரெண்டாவது லென்த் முடிவுல இடது கை மட்டும் தொட்டுது. அதோட டெஸ்ட் போச்சு. ஆனாலும் ஃப்ரீ ஸ்டைலையும் நீந்தி முடிச்சுட்டுத்தான் ஏறுனா.

உமாராணி அட்டைய எடுத்துக்கிட்டு டெரன்ஸ்கிட்ட வந்தா. “அண்ணே, கொஞ்சம் ஆபீஸுக்கு வாங்க.”

ஆபீஸ்னா ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு பீரோ. அவ கதவச் சாத்துனா.

“இந்த மாசம் மூணு டெஸ்டுலயும் அதே இடத்துலதான் தப்பு. ஆறாவது லென்த் முடிவு. வேற எங்கயும் தப்பு வரல. பட்டர்ஃபிளையில நாலு டச்சு பாத்தாலும் நாப்பது டச்சு பாத்தாலும் ரெண்டு கைதான். டெஸ்ட் இல்லாத நாள்ல பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குலயும் ரெண்டு கைதான். நான் எண்ணிப் பாத்துட்டேன்.”

டெரன்ஸ் கழுத்துல கிடந்த விசிலைத் திருகிக்கிட்டு நின்னான்.

“இன்னொண்ணு சொல்லுதேன், கேளுங்க. சுவத்துகிட்ட வந்ததும் தலையத் தூக்கி என்னையப் பாக்கா. நான் பாக்கேனான்னு பாத்துக்கிட்டுதான் ஒரு கையால தொடுதா. வலது கையப் பின்னால இழுத்துக்கிடுதா. தெரியாமத் தொடுதவ யாரு அண்ணே அப்படித் தொடுவா? மத்த நாள்ல நீங்களும்தான நிக்கிய, உங்க கண்ணுல படலையா?”

“ம்.”

“ம்முன்னா? பட்டுதா, படலையா?”

அவன் ஜன்னல் வழியா வெளிய பாத்தான். ஜெர்லின் தலையத் துவட்டிக்கிட்டு நின்னா. ஒரு சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி வார் இழுத்து விட்டுக்கிட்டு இருந்தா.

உமாராணி ஒரு பெருமூச்சு விட்டா. “நாலாவது தடவை அண்ணே. மன்றத்து விதி உங்களுக்கே தெரியும். நாலு தடவை ஒரே வித்தையில நின்னா, சும்மா கவனம் தேவைன்னு எழுதக்கூடாது. ஏன் நிக்கின்னு காரணம் எழுதணும், அடுத்து என்ன பண்ணணும்னு பரிந்துரை எழுதணும். காரணம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீங்க பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பலவீனம்னு எழுதி அஞ்சாவது லெவலுக்கு இறக்கலாம். யாரும் கேக்கமாட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் சனிக்கிழமை ஓடும். நான் போட்ட மார்க்கு அதுக்கு எதிராவும் நிக்காது. ஆனா பிள்ளை பழகுதது என்னன்னு யோசிங்க. தோக்கப் பழகுதா.”

அட்டைய மேசைமேல வச்சுட்டுப் போய்ட்டா.

இப்ப விஷயம் இதுதான். உள்ளதச் சொன்னா, ஒரே வாரத்துல பிள்ளை லெவல முடிப்பா, சனிக்கிழமை நின்னுரும். அதுக்கு முன்னாலயே, பிள்ளைக்கு இவன்தான் சொல்லிக் குடுத்து நடிக்க வச்சான்னு ஜெபசீலன் குதிப்பான், இந்த வாரமே நின்னாலும் நின்னுரும். சொல்லாம விட்டா, பிள்ளை வந்துக்கிட்டே இருப்பா, வந்து வந்து தோத்துக்கிட்டே இருப்பா.

பதினோரு மணிக்கு எப்பவும் போல அப்பாவும் மகளும் மன்றத்துக்கு எதுத்த மெஸ்ஸுக்குப் போனாங்க. சனிக்கிழமைன்னா சாளைக் குழம்பு. டெரன்ஸ் முள்ளெடுத்து மக இலையில வைப்பான். பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு முள்ளெடுக்கத் தெரியும், ஆனாலும் வைப்பான். அவளும் வேண்டாம்னு சொல்லமாட்டா. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு அதுதான்.

“ஒரு கையாலதான் தொட்டியோ?”ன்னு கேட்டான்.

“மறந்துட்டேன்ப்பா.”

“பட்டர்ஃபிளையில மறக்கலையே.”

அவ சோத்தப் பிசைஞ்சா.

“லெவல் முடிஞ்சுட்டா,”ன்னா, “சனிக்கிழமை நீங்க யாரு கூடப்பா சாப்பிடுவீங்க?”

டெரன்ஸ் கையில ஒரு முள்ளு இருந்துது. அதை இலை ஓரத்துல வச்சான். இன்னொரு மீனை எடுத்தான். அதுலயும் முள்ளெடுத்தான். பிள்ளை பதிலுக்குக் காத்துக்கிட்டு அவன் மூஞ்சியப் பாத்துது. அவன் சொன்னது என்ன தெரியுமா? “சோறு ஆறுது, சாப்பிடு.”

ஐயோ, ஒரு ஆளு இப்படியும் இருப்பானா! ஊமை கண்ட கனவு மாதிரி எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டு என்ன காணப் போறான்? ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவன் சாப்பிடல. கை கழுவுறப்ப, இலை அப்படியே இருக்கேன்னு மெஸ் அண்ணாச்சி கேட்டதுக்குப் பொறவுதான் அவனுக்கே தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனான், நின்னான், உக்காந்தான், வந்தான். திங்கக்கிழமை பிள்ளையள அனுப்பிட்டு ஆபீஸ்ல உக்காந்தான். பத்துக் கடிதாசி எழுதணும். ஒம்பதை அரை மணி நேரத்துல எழுதிட்டான். பத்தாவதுல மேல உள்ளதெல்லாம் பழக்கத்துல வந்துது. பெயர்: ஜெர்லின். லெவல்: ஆறு. நானூறு மீட்டர்: முடித்தார். ஆழத்தில் மிதத்தல்: முடித்தார். டைவ்: முடித்தார். மெட்லி: பழகுகிறார்.

அடுத்தது ‘காரணம்’. அதுக்கு அச்சுல நாலே நாலு கோடு விட்டிருந்துது. மூணு தடவை காலியா அனுப்புன கோடு.

முதல்ல ‘பிரெஸ்ட் ஸ்ட்ரோக்’னு எழுதுனான். அதோட பேனா நின்னுட்டு. அடுத்த வார்த்தை பலவீனம்னு எழுதுனா முடிஞ்சுது. யாருக்கும் நஷ்டமில்ல. அப்ப அவனுக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்துது, நீங்க யாரு கூடப்பா சாப்பிடுவீங்கங்குற கேள்வி. பிள்ளை தனக்காகத் தோக்கல. அப்பா ஒத்தையில உக்காந்து சாப்பிடக்கூடாதேன்னு தோக்குது. பன்னெண்டு வயசுல அவனைச் சுமந்துக்கிட்டு நீந்துது.

அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டான். புதுசா ஒண்ணு எடுத்தான். எழுத ஆரம்பிச்சான். நாலு கோடு பத்தல, பின்பக்கம் திருப்பி எழுதுனான்.

‘தங்கள் மகளுக்கு இந்த வித்தை தெரியும். தெரிந்தேதான் ஒரு கையால் தொடுகிறாள். முடித்துவிட்டால் சனிக்கிழமை நின்றுவிடும் என்பதால் தொடுகிறாள். தேர்வு வைத்த பயிற்சியாளர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நானே கண்டிருக்க வேண்டும். காண விரும்பவில்லை என்று எழுதுவதுதான் சரி. மூன்று கடிதத்திலும் கவனம் தேவை என்று எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அது தப்பு.

நான் சொல்லிக்கொடுத்து அவள் இதைச் செய்யவில்லை. அவளைத் திட்ட வேண்டாம். பங்களாவில் உன் தம்பி லெவல் முடியும்வரை என்று சொன்னபோது தலையாட்டினேன். தலையாட்டியிருக்கக் கூடாது. வேண்டும் என்று வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சனிக்கிழமை வேண்டும். நீ பெட்டி எடுத்த அன்றைக்கும் வேண்டும் என்று ஒன்று இருந்தது. அதையும் சொல்லவில்லை. உன் அப்பா இறந்தபோது நானும் அழுதேன், மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் போய் அழுதேன். உன்னிடம் வந்திருக்க வேண்டும்.

பரிந்துரை: ஜனவரி 3, 10 தேதிகளில் மறுதேர்வு. ஜெர்லின் இரண்டு கையாலும் தொட வேண்டும் என்று நீயே சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள். சனிக்கிழமை போனாலும் போகட்டும். அப்பனுக்காகப் பிள்ளை தோற்கக் கூடாது.’

‘தங்கள்’னு ஆரம்பிச்சது நடுவுல ‘உன்’ ஆயிட்டு. அதை அவன் கவனிக்கல. கையெழுத்துப் போட்டு, மன்றத்து முத்திரை குத்தி, தபால்ல போட்டுட்டு வந்தான். வந்து வலைய எடுத்துக் குளத்துல விழுந்து கிடந்த வேப்பிலைய அரிச்சான். ஏதாவது தோணும்னு எதிர்பாத்தான். ஒண்ணும் தோணல.

கிறிஸ்துமஸ் வாரம் மன்றம் பூட்டு. இருபத்தேழாம் தேதி சனிக்கிழமையும் பூட்டு. தபால் போய்ச் சேந்துதா, படிச்சாளா, ஒரு தகவலும் இல்ல. போன் இருக்கு, பண்ணலாம். அவனாவது போன் பண்றதாவது. மெஸ்ஸுல போய் ஒத்தையில உக்காந்து சாப்பிட்டுப் பாத்தான். எதுக்கும் பழகிக்கிடலாம்னு.

ஜனவரி மூணு. ஏழு மணிக்கு ஜெபசீலன் பைக்கு வந்து நின்னுது. ஜெர்லின் இறங்கி, நேரா உடுப்பு மாத்தப் போய்ட்டா. ஜெபசீலன் போகாம நின்னான். எப்பவும் ஆளை நிமிந்து பாக்காமப் போறவன்.

“அத்தான், அக்கா லெட்டரப் படிச்சா. ரெண்டு நாளு வீட்ல யாருகூடயும் பேச்சில்ல. உங்க வியாதி அவளுக்கும் ஒட்டிக்கிட்டோன்னு பயந்துட்டேன்.”

“என்ன சொன்னா?”

“எங்கிட்ட என்னத்தச் சொல்லுவா? எனக்குப் படிக்கவும் குடுக்கல.” வண்டிச் சாவியத் திருகிக்கிட்டே, “லெவல்னு அன்னைக்கு நான் சொன்னது... எனக்கு அப்படித்தான் தோணுச்சு அத்தான்,”ன்னான். பொறவு பைக்க எடுத்துக்கிட்டுப் போய்ட்டான்.

உமாராணி அட்டையோட நின்னா. டெரன்ஸ் இந்தத் தடவை சின்னப் பிள்ளையள ஓரமா உக்கார வச்சுட்டு, சுவர்கிட்ட வந்து நின்னான். தொடுத இடத்துல, கண்ணு படுற தூரத்துல.

ஜெர்லின் குதிச்சா. பட்டர்ஃபிளை, ரெண்டு கை. பேக் ஸ்ட்ரோக், சுத்தம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குல ஒரு லென்த், ரெண்டு கை. திரும்புனா. ஆறாவது லென்த்துல பாதி வந்தா. முக்கால் வந்தா. தலையத் தூக்குனா. உமாராணியப் பாக்கல, அப்பாவைப் பாத்தா. டெரன்ஸ் ரெண்டு கையையும் முன்னால நீட்டிக் காட்டுனான். மூணு வருஷத்துல அவன் அவளுக்கு இவ்வளவு தெளிவா எதையும் சொன்னதில்ல.

ரெண்டு கையும் ஒண்ணாச் சுவத்துல விழுந்துது. சத்தம் கேட்டுது.

உமாராணி டிக் அடிச்சா. “ஒண்ணு ஆச்சு. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை இதே மாதிரி தொட்டா முடிஞ்சுது.” அவ குரல் ஒரு மாதிரி இருந்துது. அட்டைய அணைச்சுக்கிட்டு நகந்து போய்ட்டா.

இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. டெரன்ஸ் அதை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தான். சரி, அவ்வளவுதான்னு சொல்லிப் பாத்தான்.

ஜெர்லின் ஏறி வந்தா. துவட்டக்கூட இல்ல. பையத் தொறந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்தா. உள்ள அடிச்சீட்டு.

“நீந்தி முடிச்ச பொறவு குடுன்னு அம்மா சொன்னாங்க. முன்னால குடுத்தா, அதைப் பாத்துட்டுத் தொட்ட மாதிரி ஆயிருமாம். தொடுதத நானாத் தொடணுமாம்.”

அவன் கவரப் பிரிச்சான். ‘பெற்றோர் குறிப்பு’. மூணு தடவை வெறுமையாக் கிடந்த அந்த இடத்துல விஜிலாவோட டீச்சர் கையெழுத்து, சாயாம, நெருக்கமா.

‘பயிற்சியாளருக்கு. கடிதம் கிடைத்தது. இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் வாயால் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைக்கு இனிமேல் லெவல் கணக்கு வேண்டாம் என்று பாஸ்டர் ஐயாவிடமும் ஃபாதரிடமும் சொல்லிவிட்டேன். லெவல் முடிந்தாலும் பிள்ளை வருவாள். நான் வரமாட்டேன்.’

கீழ கையெழுத்து.

டெரன்ஸ் கடைசி வரிய மறுபடியும் படிச்சான். அவளை வான்னு அவன் எங்கயும் எழுதல. ஒவ்வொரு வரியா மனசுல ஓட்டிப் பாத்தான், எழுதல. ஆனா அவ அதுக்குப் பதில் எழுதியிருக்கா. பதினோரு வருஷம் சொல்லாதது எல்லாத்தையும் கேட்டுப் பழகுனவ, இதையும் கேட்டுட்டா.

அப்ப வலிச்சுது அவனுக்கு. மரத்துக் கிடந்த கால்ல ரத்தம் திரும்புறப்ப ஊசி ஊசியாக் குத்துமே, நெஞ்சுக்குள்ள அப்படிக் குத்துச்சு. பிள்ளை வருவாங்குற சந்தோஷமும், அவ வரமாட்டாங்குறதும் ஒரே வரியில, ஒரே நேரத்துல வந்துது. நின்னுக்கிட்டே அழுதான். பிள்ளையள் எல்லாம் பாத்துதுங்க. மறைக்கத் தோணல.

“அப்பா,”ன்னு ஜெர்லின் பயந்து போய்க் கையப் பிடிச்சா. அவ கை ஈரமா, ஜில்லுன்னு இருந்துது. “அம்மா என்னப்பா எழுதியிருக்காங்க?”

“நீ வருவியாம். எப்பவும் வருவியாம்.”

“அவ்வளவுதானா?”

அவன் வாயத் தொறந்தான். பழைய பழக்கம் முன்னால வந்து நின்னுது. சோறு ஆறுது, துவட்டு, நேரமாச்சு, இப்படி ஏதாவது ஒண்ணு வரப் பாத்துது. அதை விழுங்குனான்.

“அம்மா வரமாட்டாளாம்,”ன்னான். “அது எனக்குக் கஷ்டமா இருக்கு பிள்ளை. அதான் அழுதேன்.”

ஜெர்லின் கொஞ்ச நேரம் அவன் கையையே பிடிச்சுக்கிட்டு நின்னா. பொறவு துண்ட எடுத்துத் தலையத் துவட்டுனா.

“இன்னைக்கு முள்ள நானே எடுத்துக்கிடுதேன்ப்பா,”ன்னா. “நீங்க சாப்பிடுங்க.”